பக்கவாதத்துக்குப் பின் புரையேறுகிறதா? தண்ணீரையும் சோற்றையும் வீட்டில் பக்குவப்படுத்தி ஊட்டும் முறை

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவது நம் வீட்டு வழக்கம். பக்கவாதம் வந்த ஒருவருக்கு ஒவ்வொரு வேளையும் புரையேறினால் அப்படி விட்டுவிட முடியாது. உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாயின் வாசலில் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். அதைவிடக் கவலைக்குரியது புரையே ஏறாமல் உள்ளே போவது.

நான் பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளர். மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட நோயாளிகளை வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை. மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே இதை எழுதுகிறேன். 71 வயதுப் பெரியவர். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து இடது கை, கால், முகம் தளர்ந்திருந்தன. மருத்துவமனைச் சீட்டில் 'மென்மையான உணவு' என்ற இரண்டே சொற்கள். வீட்டுக்கு வந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை காய்ச்சல் வந்தது, இரண்டாவது முறை நுரையீரலில் சளிக்காய்ச்சல் என்றார்கள்.

மருமகள்தான் ஊட்டுகிறார். "மாமாவுக்குக் கெட்டியா எதுவும் குடுக்கல மேடம். குழைய வடிச்ச சாதத்துல ரசம் ஊத்தி, கரைச்சுத்தான் குடுக்குறேன்" என்றார். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் பெரியவரைப் படுக்க வைத்ததும் அந்த ரசம்தான்.

தண்ணீர் ஏன் ஆபத்து

மெல்ல வேண்டியதுதான் ஆபத்து, குடிப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறோம். விழுங்குவதில் தளர்ச்சி வந்தவருக்கு நிலைமை நேர்மாறு. நாம் விழுங்கும்போது நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தொண்டைக்குமிழ் மேலே ஏறுகிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, அந்த ஒரு நொடிக்குள் உணவு அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. பக்கவாதத்துக்குப் பின் இந்த மூடல் அரை நொடி, ஒரு நொடி தாமதமாகிறது. தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது. வாசல் மூடும் முன்பே வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். கொஞ்சம் கனமான திரவம் மெதுவாக இறங்குவதால் வாசல் மூட அவகாசம் கிடைக்கிறது. கெட்டியாக்கிய திரவம் கொடுப்பதன் தத்துவம் இவ்வளவுதான்.

ரசம் சாதம் தண்ணீரைவிட மோசம். அது ஒரே வாயில் இரண்டு பக்குவம். சோற்றை நாக்கு இன்னும் திரட்டிக்கொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குப் போய்விடுகிறது. சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட், தண்ணீர் பிரிந்து நிற்கும் பழைய சோறு, சாறு நிறைந்த தர்பூசணி எல்லாமே இந்த வகைதான். ஐஸ்கிரீமும் ஐஸ் கட்டியும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், ஆகவே அவற்றையும் தண்ணீர்க் கணக்கில் வையுங்கள்.

முதலில் மூன்று நாள் கவனியுங்கள்

பரிசோதனைக்குப் போகும் முன், ஒரு நோட்டில் வேளாவேளைக்குக் குறித்து வையுங்கள்: எதைச் சாப்பிடும்போது இருமினார், எத்தனையாவது வாயில் இருமினார், சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆனது. சாப்பிட்டதும் அவரை "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரலில் தண்ணீர் குடத்துக்குள் பேசுவது போன்ற களகளப்பு இருந்தால், ஏதோ குரல்நாண் மேல் நிற்கிறது.

இருமல் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியும் மங்கிவிடுவதால், பலருக்கு உள்ளே இறங்குவதே தெரியாது. எங்கள் பெரியவரும் அப்படித்தான், அவர் இருமியதே இல்லை. அவர் விஷயத்தில் துப்பு கொடுத்தவை வேறு: சாப்பிட்ட அரைமணி நேரத்தில் மூச்சு வாங்குவது, சாயந்தரமானால் உடம்பு லேசாகச் சுடுவது, எடை இறங்குவது. முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமல், திடீர்க் குழப்பமும் தூக்க மயக்கமும் மட்டும் நுரையீரல் தொற்றைக் காட்டலாம். மூச்சு வேகமாகிச் சோர்ந்து கிடந்தால் நோட்டெல்லாம் அப்புறம், உடனே மருத்துவமனை.

வீட்டிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். அப்படி ஒரு சோதனை உண்டு, ஆனால் பழகியவர்கள் தேர்ந்த நோயாளிகளுக்கு மட்டும் செய்வது. தேவைப்பட்டால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தோ, எந்தப் பக்குவம் உள்ளே கசிகிறது, எது கசியவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவும் பேச்சுப் பயிற்சியாளரும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். எந்த அளவு கெட்டி என்பதை இந்தப் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும். நாமாக எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் அதிலும் கெடுதல் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கெட்டியை அளக்க ஒரு ஊசிக்குழாய் போதும்

ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று ஒரு உலகளாவிய அளவுமுறை இருக்கிறது. திரவமும் உணவும் 0 முதல் 7 வரை பிரிக்கப்பட்டிருக்கும். 0 என்றால் வெறும் தண்ணீர், 7 என்றால் நாம் சாப்பிடும் சாதாரண உணவு. எங்கள் பெரியவருக்குத் திரவம் 2-ஆம் நிலை, உணவு 4-ஆம் நிலை என்று பரிசோதனையில் முடிவானது. 2-ஆம் நிலைத் திரவத்தைக் கோப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கலாம், ஆனால் தண்ணீரைவிட மெதுவாக ஓடும். 4-ஆம் நிலை உணவு, கட்டியே இல்லாத மசியல்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி ஊசிக்குழாய் ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம், முனை திருகு இல்லாமல் நேராக இருக்க வேண்டும். ஊசிக்குழாயின் 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும், வாங்கும்போது ஸ்கேலை வைத்துப் பாருங்கள். உள்தண்டை உருவி எடுத்துவிடுங்கள். முனையை விரலால் அடைத்து, கெட்டியாக்கிய திரவத்தை 10 மில்லி கோடு வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர். 1 முதல் 4 வரை மிஞ்சினால் 1-ஆம் நிலை. 4 முதல் 8 வரை என்றால் 2-ஆம் நிலை. 8-க்கு மேல் மிஞ்சிக் கொஞ்சமாவது சொட்டினால் 3. ஒரு சொட்டும் விழாவிட்டால் 4.

அந்த வீட்டு அடுக்களையில் நான் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்த அன்று நடந்தது இது. மருமகள் காபியில் கெட்டிப்படுத்தும் பொடி போட்டுக் கலக்கினார். ஒரு நிமிடத்தில் அளந்தோம், 2 மில்லி மிஞ்சியது. "இன்னும் தண்ணியாத்தான் இருக்கு" என்று இன்னொரு கரண்டி போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து அதே காபியை அளந்தோம், 6 மில்லி. பால் கலந்த பானத்தில் பொடி ஊறத் தண்ணீரைவிட அதிக நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் அவர் மறு கரண்டி போட்டுவிடுவார், ஊட்டும் நேரத்தில் காபி களி மாதிரி ஆகியிருக்கும், பெரியவர் நாலு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்வார். "மாமாவுக்குக் காபி வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

பொடியின் அளவு டப்பாவுக்கு டப்பா மாறும், அதில் எழுதியிருக்கும் கரண்டியையே பயன்படுத்துங்கள். வேகமாகச் சுழற்றிக் கலக்கி, சொன்ன நேரம் வரை வைத்து, பிறகுதான் அளக்க வேண்டும். ஒவ்வொரு பானத்துக்கும் ஒருமுறை சரியாக அளந்து, 'காபி 150 மில்லி, ஒன்றரைக் கரண்டி, 10 நிமிடம்' என்பதுபோல் உங்கள் டப்பாவுக்குரிய கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் தினமும் அளக்கத் தேவையில்லை.

கஞ்சியை நம்பலாமா

"பொடி எதுக்கு மேடம், கஞ்சியே கெட்டிதானே?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். அரிசிக் கஞ்சி, கூழ், மாவு கரைத்த பானம் எல்லாம் மாவுச்சத்தால் கெட்டியானவை. நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. வாயில் வைத்திருக்கும்போதே கஞ்சி இளகத் தொடங்கும். ஒரு கிண்ணம் கஞ்சியை எச்சில் கரண்டியால் திரும்பத் திரும்ப எடுத்து ஊட்டினால், கடைசி நாலு வாய் தண்ணீராக ஓடுவதை நீங்களே பார்க்கலாம். விழுங்கத் தாமதிக்கும் ஒருவருக்கு இது கண்ணுக்குத் தெரியாத பொறி.

கஞ்சியை ஒதுக்கச் சொல்லவில்லை. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள், மூல பாத்திரத்தில் எச்சில் கரண்டி படக் கூடாது. கெட்டிப்படுத்தும் பொடியிலும் மாவுச்சத்து வகை உண்டு, சாந்தன் கம் என்ற பிசின் வகை உண்டு. பிசின் வகை எச்சிலில் இளகாது, வாயில் வெகுநேரம் வைத்திருப்பவருக்கு அதுவே நல்லது. மாவுச்சத்துப் பொடியோடு பாலிஎதிலின் கிளைக்கால் என்ற மலமிளக்கித் தூளைக் கலந்தால் கெட்டி முழுதும் கரைந்து தண்ணீராகிவிடும். மலச்சிக்கலுக்குத் தூள் கொடுக்கும் வீடுகள் அதன் பெயரைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நம் சாப்பாட்டில் எது எந்தப் பக்குவம்

4-ஆம் நிலை மசியலுக்குக் கரண்டிதான் சோதனை. ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தால் உருவம் கெடாமல் மொத்தமாகத் தொப்பென்று விழ வேண்டும். வழிந்தால் இளக்கம். உதறியும் கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிசுபிசுப்பு அதிகம், அது தொண்டையிலும் அப்படியேதான் ஒட்டும். குழைந்த பொங்கலை மிக்ஸியில் அடித்து நெய் விட்டால் நன்றாக வரும், மிளகும் கறிவேப்பிலையும் போடாமல் செய்யுங்கள், அல்லது சீரகமும் மிளகும் பொடித்துப் போடுங்கள். பருப்பும் சோறும் சேர்த்து அரைத்தது, அரைத்த காய்க்கூட்டு, தண்ணீர் பிரியாத கெட்டித் தயிர் விட்டு அரைத்த சாதம் எல்லாம் சரி. வெறும் சோற்றை மட்டும் மிக்ஸியில் அடிக்காதீர்கள், பசை ஆகிவிடும். கொஞ்சம் நெய்யோ பருப்புத் தண்ணீரோ சேர்த்து அரைத்து, அரிப்பில் தேய்த்து எடுத்தால் காய்த்தோல், நார், கடுகு எல்லாம் நின்றுவிடும். தாளித்துத்தான் மணம் வேண்டும் என்றால் தாளித்த எண்ணெயை மட்டும் வடித்து ஊற்றுங்கள். பெரியவர் முகம் மலர்ந்தது அப்படித் தாளித்த பெருங்காய நெய்க்குத்தான்.

முன்னேறி 5-ஆம் நிலைக்கு வந்தால் ஈரமான, நசுக்கிய உணவு. கட்டிகள் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு மிளகின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் நிலையில் ஒன்றரை சென்டிமீட்டர்த் துண்டுகள் வரலாம், கட்டை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும்.

இட்லி மென்மை என்று எல்லோரும் கொடுக்கிறார்கள். காய்ந்த இட்லி வாயில் உதிர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கெட்டிச் சட்னியோ அடர்ந்த பருப்போ சேர்த்துப் பிசைந்து ஒரே பக்குவமாக்கிக் கொடுங்கள். வேர்க்கடலை, முறுக்கு, திராட்சை, ஜவ்வரிசி மணி, மீன் முள், பச்சைக் காய், வாழைத்தண்டு நார் இவற்றைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள், பார்க்க வரும் உறவினர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஊட்டும் முறை

படுக்கையில் சாய்த்து ஊட்டவே கூடாது. இடுப்பு மடங்கி நேராக உட்கார வேண்டும், பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். தளர்ந்த பக்கம் சாயாமல் அக்குளுக்குக் கீழே தலையணை. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், கழுத்து பின்னே போனால் மூச்சுக்குழாய் திறந்துவிடும். அதனால் எதிரில் உட்கார்ந்து கரண்டியைக் கீழிருந்து கொண்டுவாருங்கள். வாய் வைக்காமல் சொம்பிலிருந்து அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. ஆயுள் முழுக்க அப்படியே குடித்தவர் பழக்கத்தில் தலையைச் சாய்ப்பார், அதனால் அகன்ற வாயுள்ள சிறு டம்ளரில், பாதி நிரப்பிக் கொடுங்கள். பாலாடையில் ஊற்றிவிடுவதும் வேண்டாம். ஊற்றினால் எவ்வளவு உள்ளே போகிறது என்பது அவர் கையில் இல்லாமல் போய்விடும்.

ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி. கொடுத்துவிட்டு அவர் தொண்டைக்குமிழைப் பாருங்கள், அது ஒருமுறை ஏறி இறங்கினால்தான் விழுங்கியது. அப்புறம் வெறுமே ஒரு முறை விழுங்கச் சொல்லி, அதற்குப் பின்தான் அடுத்த வாய். தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, தலையைத் தளர்ந்த பக்கம் திருப்புவது போன்ற உத்திகள் சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுக்கும், உங்கள் பயிற்சியாளர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் அந்த வேளையைத் தள்ளிப் போடுங்கள். அரைமணி நேரத்துக்குள் முடியாமல் களைத்தால் நிறுத்திவிட்டு, சிறு வேளைகளாக ஆறு முறை கொடுங்கள். முடிந்த பின் அரைமணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

முதல் நாள் சாப்பாடு முடிந்து டார்ச் அடித்துப் பெரியவர் வாய்க்குள் பார்த்தேன். இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் நெல்லிக்காய் அளவுக்குச் சோறு. காலைப் பொங்கல் அது, பார்க்கும்போது மணி பதினொன்று. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காததால் அவருக்கு அது தெரியவில்லை. படுத்ததும் அதுதான் உள்ளே போகும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கன்னத்தைப் பார்த்துத் துடைத்துவிடுங்கள். காலையிலும் இரவிலும் பிரஷ் போட்டுப் பல், நாக்கு, அண்ணம் தேய்த்துவிடுவதை மருந்து போல நினைக்க வேண்டும். எச்சில் எப்படியும் கொஞ்சம் கசியும், அதில் கிருமி குறைந்தால் தொற்றும் குறையும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள்.

மாத்திரையைத் தண்ணீரோடு கொடுக்காமல் ஒரு கரண்டி மசியலில் புதைத்துக் கொடுங்கள். பொடிக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையையும், குடலில் கரையப் பூச்சுப் பூசியதையும் பொடிக்கக் கூடாது.

அடைத்துக்கொண்டால்

சத்தமாக இருமுகிறார் என்றால் இருமவிடுங்கள். முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் கொடுக்கவே வேண்டாம். இருமலும் வரவில்லை, குரலும் வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் நொடிகள்தான் இருக்கின்றன. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மற்றவர் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஐந்து முறை அடிக்க வேண்டும். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். மாறி மாறிச் செய்யுங்கள். படுக்கையில் இருந்தால் பக்கவாட்டில் திருப்பி முதுகில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் ஆழமாகப் போய்விடும். மயங்கிவிட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். வயிற்றை அழுத்தி மீண்டவரையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மறதி நோயில் கொஞ்சம் மாறும்

மறதி நோயில் தொண்டை நன்றாக இருக்கலாம், வாயில் இருப்பதை என்ன செய்வது என்பதே மறந்துவிடும். கரண்டியைக் கீழ் உதட்டில் லேசாகத் தொட்டுக் காட்டுவது, வெறும் கரண்டியை ஒருமுறை கொண்டுபோவது, இனிப்போ புளிப்போ சற்று தூக்கலாகக் கொடுப்பது சிலருக்கு விழுங்குவதைத் தூண்டும். வேறு சிலர் கிடைத்ததையெல்லாம் வாயில் திணித்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தட்டில் இரண்டு வாய்க்கு மேல் வைக்காதீர்கள்.

நோய் முற்றிய நிலையில் வயிற்றில் குழாய் போடலாமா என்று கேட்பார்கள். முற்றிய மறதி நோயில் குழாய் உயிரை நீட்டிக்கும் என்றோ, நுரையீரல் தொற்றைத் தடுக்கும் என்றோ காட்டும் ஆதாரம் இல்லை. எச்சிலைக் குழாய் நிறுத்தாது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் கையால் நிதானமாக ஊட்டுவதையே சொல்கிறது. பக்கவாதத்தில் கதை வேறு. மீள வாய்ப்பு இருப்பதால் சில வாரங்களுக்கு மூக்குக் குழாய் உயிர் காப்பதாக இருக்கும், அதை எண்ணி அஞ்ச வேண்டாம்.

கெட்டியாக்கிய திரவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். தாகம் தீராது, ஆகவே குறைவாகக் குடிப்பார்கள். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மறதி நோயோ பார்க்கின்சனோ உள்ள 515 பேரில் ஒரு பகுதியினர் தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தார்கள், மற்றவர்கள் கெட்டியாக்கியது குடித்தார்கள். மூன்று மாதத்தில் நுரையீரல் தொற்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, நீர்ச்சத்துக் குறைவு கெட்டித் திரவக்காரர்களிடம் அதிகம். அதனால் தேவைக்கு மேல் ஒரு துளியும் கெட்டியாக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால், வாய் காய்ந்தால், உடனே பானத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவுக்குள்.

பெரியவருக்கு ஆறாவது வாரம் மறுபரிசோதனை. திரவம் 1-ஆம் நிலைக்கு இறங்கியது, சோறு மசியலிலிருந்து நசுக்கியதுக்கு ஏறியது. ரசம் இன்னும் கெட்டியாக்கித்தான். மருமகள் அதை ஊசிக்குழாயில் ஊற்றி 10 விநாடி எண்ணுவதைப் பெரியவர் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 3 மில்லி மிஞ்சியது. "சரியா இருக்கா?" என்று மருமகளைக் கேட்டார்.